எண்ணெய் கொட்டியவர் தீக்கும் பொறுப்பா? சேதத்தின் தொலைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிராளி கவனக்குறைவாக இருந்தார், அதனால்தான் எனக்கு நஷ்டம் வந்தது. இரண்டையும் நிரூபித்தாயிற்று. அப்புறம் எதற்கு ‘தொலைவு’ என்று இன்னொரு தடை?

காரணம் என்பது ஒரு சங்கிலி. அது எங்கேயும் தானாக அறுவதில்லை. ஒருவர் சைக்கிளை இடித்துத் தள்ளுகிறார், ஓட்டியவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், அங்கே சந்தித்த ஒருவரின் பேச்சை நம்பிச் சீட்டில் பணம் போட்டு இழக்கிறார். இடித்திருக்காவிட்டால் சீட்டுப் பணம் போயிருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதை இடித்தவர் தலையில் கட்ட யாருக்கும் மனம் வராது. எங்கேயோ ஒரு கோடு போட்டு ‘இதற்கு மேல் நீ பொறுப்பில்லை’ என்று சொல்லியாக வேண்டும். அந்தக் கோட்டுக்கு அப்பால் விழும் சேதத்தைத்தான், ஒருவர் தவறால் இன்னொருவருக்கு வந்த தீங்குக்கு ஈடு வாங்கித் தரும் தீங்கியல் சட்டம், ‘தொலைவான சேதம்’ என்கிறது.

தொலைவு என்றதும் கிலோமீட்டரையோ நாட்களையோ நினைக்க வேண்டாம். பத்து அடி தள்ளி, அடுத்த நொடியில் நடந்ததும் சட்டத்தின் கண்ணில் தொலைவாகலாம்.

கோட்டை எதை வைத்துப் போடுவது என்பதுதான் சண்டை. இன்று கவனக்குறைவு வழக்குகளில், இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் பொதுச் சட்ட நாடுகள் பெரும்பாலும் வைத்திருக்கும் அளவுகோல், அந்த வகைச் சேதம் வரக்கூடும் என்று பிரதிவாதியின் இடத்தில் இருந்த நிதானமான மனிதர் முன்கூட்டியே ஊகித்திருப்பாரா என்பது. இது நிலைபெற்றது சிட்னித் துறைமுகத்தில் பிடித்த ஒரு தீயால்.

‘வாகன் மவுண்ட்’ வழக்கு என்கிறார்களே, அங்கே உண்மையில் என்ன நடந்தது?

‘வாகன் மவுண்ட்’ என்பது ஒரு கப்பலின் பெயர். 1951 அக்டோபர் கடைசியில் அது சிட்னியின் பால்மெய்ன் பகுதியில், கால்டெக்ஸ் துறைமேடையில் நின்று எரிபொருள் ஏற்றிக்கொண்டிருந்தது. கப்பல் ஊழியர்களின் கவனக்குறைவால் ஏராளமான ஃபர்னஸ் ஆயில் கடலில் கொட்டிவிட்டது. அதை அகற்ற எந்த முயற்சியும் செய்யாமல் கப்பல் கிளம்பிப் போய்விட்டது.

சுமார் 600 அடி தள்ளி மார்ட்ஸ் டாக் என்ற கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனத்தின் மரத் துறைமேடை. அங்கே ‘காரிமல்’ என்ற கப்பலில் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் மிதந்து வந்ததைப் பார்த்த மேலாளர் உடனே வெல்டிங்கை நிறுத்தச் சொன்னார். கால்டெக்ஸ் தரப்பில் விசாரித்தார். தண்ணீரில் பரவிய ஃபர்னஸ் ஆயில் பற்றிக்கொள்ளாது என்று அவருக்கே ஒரு எண்ணம் இருந்தது, விசாரித்ததும் அதை உறுதிப்படுத்தியது. ஜாக்கிரதையாகச் செய்யுங்கள் என்று சொல்லி வேலையைத் திரும்பத் தொடங்க வைத்தார்.

அவர் எண்ணம் அபத்தமானது அல்ல. அந்த எண்ணெயை ஏறக்குறைய 170 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 77 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். கடல் தண்ணீர் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். ஆனால் நவம்பர் 1ஆம் தேதி மதியம், துறைமேடைக்கு அடியில் மிதந்த ஏதோ குப்பையோடு மெஷின் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டும் இருந்தது. மேலிருந்து விழுந்த உருகிய உலோகத் துளி அதில் பட்டுப் புகைந்தது. எண்ணெயில் ஊறிய அந்தப் பஞ்சு அகல் விளக்குத் திரி மாதிரி வேலை செய்தது. திரியைச் சுற்றியிருந்த எண்ணெய் சூடானது, பற்றியது, பரவியது. துறைமேடையும் கருவிகளும் கருகின.

மார்ட்ஸ் டாக் நிறுவனம் வாகன் மவுண்டை இயக்கிய நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. விசாரித்த நீதிபதி ஒரு முக்கியமான உண்மையை முடிவு செய்தார்: தண்ணீரில் பரவிய இந்த எண்ணெய் தீப்பிடிக்கும் என்பது பிரதிவாதிகளுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அப்படிச் சொல்லியும் கீழ் நீதிமன்றங்கள் வாதிக்குத்தான் தீர்ப்புக் கொடுத்தன என்று படித்தேன். எப்படி?

அப்போது நடப்பில் இருந்த சட்டம் வேறு. 1921இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பொலெமிஸ் தீர்ப்பு அது. அதுவும் ஒரு கப்பல் கதைதான். வாடகைக்கு எடுத்த கப்பல் ஒன்று காசாபிளாங்காவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பெட்ரோல் டின்கள் கசிந்து சரக்கறை முழுக்க ஆவி நிறைந்திருந்தது. கூலியாட்கள் ஒரு பலகையை உள்ளே நழுவ விட்டார்கள். பலகை மோதியதில் ஒரு பொறி கிளம்பி, ஆவி பற்றி, கப்பலே எரிந்து போனது. நஷ்டம் 1,96,165 பவுண்டு.

பலகை விழுந்தால் கப்பலில் எங்காவது நசுங்கும் என்று யாரும் ஊகிக்கலாம். பொறி கிளம்பும் என்று ஊகித்திருக்க முடியாது என்று வழக்கை முதலில் விசாரித்த நடுவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நீதிமன்றம் கப்பலை வாடகைக்கு எடுத்தவர்களை முழுத் தொகையையும் கட்டச் சொன்னது. ஏதாவது ஒரு சேதம் வரும் என்று ஊகிக்க முடிந்தால் அந்தச் செயல் கவனக்குறைவாகிவிடுகிறது. அப்புறம் அதிலிருந்து ‘நேரடியாக’ விளைந்தது எல்லாவற்றுக்கும் செய்தவர் பொறுப்பு என்பது அதன் தர்க்கம்.

சிட்னி நீதிமன்றங்கள் இதைத்தான் பின்பற்றின. தீயை ஊகிக்க முடியாதுதான். ஆனால் எண்ணெய் மிதந்து போய் மார்ட்ஸ் டாக்கின் கப்பல் ஏற்றும் சரிவுகளில் ஒட்டி வேலையைக் கெடுக்கும் என்பது ஊகிக்கக்கூடியது, நடக்கவும் செய்தது. அந்தச் சின்னச் சேதத்துக்கு வாதி பணம்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் பொலெமிஸ்படி அது போதும். வாசல் திறந்துவிட்டது, பெரிய தீயும் உள்ளே வரலாம்.

பிரிவி கவுன்சில் அதை எந்தக் காரணத்தால் மாற்றியது?

பிரிவி கவுன்சில் என்பது அப்போது ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் மேல்முறையீடுகளை லண்டனில் இருந்து விசாரித்த கடைசி நீதிமன்றம். 1961 ஜனவரியில் வந்த அதன் தீர்ப்பை எழுதியவர் வைகவுண்ட் சைமண்ட்ஸ். அவர் வாதத்தின் நடுவே இருப்பது நியாயம் பற்றிய ஒரு கேள்வி. ஒருவர் சின்ன அசட்டை செய்கிறார், அதிலிருந்து வரக்கூடியது சின்னச் சேதம். அதற்காக, யாரும் நினைத்துப் பார்க்க முடியாத பேரழிவுக்கும் ‘நேரடி’ என்ற ஒரு சொல்லை வைத்து அவரைப் பொறுப்பாக்குவது எந்த நியாயம்? எந்தக் காரணத்துக்காக ஒருவரைக் குற்றம் சொல்கிறோமோ அதே காரணம்தான் அவர் பொறுப்பின் எல்லையாகவும் இருக்க வேண்டும் என்றார். நடந்து முடிந்த பிறகு முட்டாளுக்கும் விவேகம் வந்துவிடும், ஆனால் பொறுப்பைத் தீர்மானிப்பது நிதானமான மனிதரின் முன்யோசனைதான் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆகவே தீங்கின் வகை ஊகிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எண்ணெய் ஒட்டி அசிங்கமாவது ஒரு வகை, தீயில் எரிவது வேறு வகை. முதலாவது தெரிந்திருந்தது என்பதற்காக இரண்டாவதற்குப் பணம் கிடைக்காது. மார்ட்ஸ் டாக் தோற்றது.

பிரிவி கவுன்சில் தீர்ப்பு இங்கிலாந்து நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, பொலெமிஸ் தீர்ப்பே அவற்றைக் கட்டுப்படுத்தியது என்பது ஒரு வேடிக்கை. ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்குள் இங்கிலாந்து நீதிபதிகள் பொலெமிஸை ஓரமாக வைத்துவிட்டு இதையே பின்பற்றத் தொடங்கினார்கள்.

அதே தீயில் எரிந்த காரிமல் கப்பல்காரர்கள் மட்டும் ஜெயித்தார்களாமே? ஒரே தீ எப்படி ஒருவருக்கு ஊகிக்க முடியாததாகவும் இன்னொருவருக்கு ஊகிக்க முடிந்ததாகவும் ஆகும்?

என்னைக் கேட்டால், முதல் வழக்கைவிடப் படிக்க வேண்டியது இந்த இரண்டாவது வழக்குதான். 1966இல் அதே பிரிவி கவுன்சில், அதே தீக்கு, அதே பிரதிவாதியைப் பொறுப்பாக்கியது. தீர்ப்பை எழுதியவர் லார்ட் ரீட்.

முதல் காரணம் சாட்சியம். காரிமல் கப்பலுக்குச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சாட்சியத்தின் பேரில் இந்த வழக்கின் நீதிபதி வேறு உண்மையை முடிவு செய்தார். இந்த எண்ணெய் தண்ணீரில் பற்றுவது மிக அரிது, ஆனால் பற்றவே பற்றாது என்பதல்ல. விவரமறிந்த ஒரு கப்பல் பொறியாளருக்கு அது தெரிந்திருக்கும்.

மார்ட்ஸ் டாக் ஏன் அதே சாட்சியத்தைக் கொண்டுவரவில்லை? இங்கேதான் வக்கீல் மூளை வேலை செய்கிறது. வெல்டிங் செய்தது அவர்களே. ‘எண்ணெய் பற்றும் என்று எவருக்கும் தெரிந்திருக்கும்’ என்று நிரூபித்தால் அடுத்த கேள்வி, ‘அப்படியானால் நீங்கள் ஏன் அதன் மேல் வெல்டிங் செய்தீர்கள்?’ என்பது. அந்தக் காலத்தில் நியூ சவுத் வேல்ஸில் வாதியின் பக்கம் துளி கவனக்குறைவு இருந்தாலும் வழக்கு மொத்தமாகப் போய்விடும். பங்கு பிரித்துக் குறைக்கும் வழக்கம் பிறகுதான் வந்தது. அதனால் தீயை ஊகிக்க முடியாது என்ற நிலையே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது, பொலெமிஸ்படி ஜெயித்துவிடலாம் என்ற கணக்கில். பிரிவி கவுன்சில் பொலெமிஸையே கவிழ்த்துவிடும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கப்பல்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் யாரும் வெல்டிங் செய்யவில்லை.

இரண்டாவது காரணம் சட்டம். அரிதான ஆபத்தை ஒருவர் அலட்சியப்படுத்தலாமா? சில சமயம் அலட்சியப்படுத்தலாம். 1951இல் ஒரு கிரிக்கெட் வழக்கு வந்தது. மைதானத்திலிருந்து பந்து வெளியே பறந்து தெருவில் நின்ற பெண்ணைத் தாக்கியது. பந்து அப்படி வெளியே போனது சுமார் முப்பது ஆண்டுகளில் ஆறு தடவை போல. கிளப் பொறுப்பில்லை என்றார்கள். லார்ட் ரீட் அதை நினைவுபடுத்தி வேறுபடுத்தினார். கிரிக்கெட் விளையாடுவது நியாயமான காரியம், அந்தச் சின்ன ஆபத்தை நீக்குவதற்குச் செலவு உண்டு. எண்ணெயைக் கடலில் கொட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது? அது சட்டவிரோதம், எண்ணெயின் விலையும் போகிறது, நிறுத்துவதற்குச் செலவே இல்லை. அந்த நிலையில் ஆபத்து சின்னதாக இருந்தாலும் அது உண்மையான ஆபத்தாக, வெறும் கற்பனையாக இல்லாமல் இருந்தால், நிதானமான பொறியாளர் தடுத்திருப்பார். தடுக்காததால் பொறுப்பு.

ஊகிக்க முடிவது என்றால் ‘நடக்கும் வாய்ப்பு அதிகம்’ என்று பொருளில்லை என்பதை இந்த வழக்கு நிலைநாட்டியது. பொதுத்தொல்லை என்ற தலைப்பில் வழக்குப் போட்டாலும் தொலைவுக்கு இதே அளவுகோல்தான் என்றும் அதில் சொன்னார்கள்.

விபத்து எந்த விதத்தில் நடக்கும் என்பதையும் பிரதிவாதி ஊகித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். வகை தெரிந்தால் போதும், வழி தெரியத் தேவையில்லை. 1958இல் எடின்பரோவில் தபால் துறை ஊழியர்கள் ஒரு தரையடிக் குழியைத் திறந்து, மேலே கூடாரம் போட்டு, சுற்றி மண்ணெண்ணெய் விளக்குகளை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எட்டு வயதும் பத்து வயதுமான இரண்டு பையன்கள் உள்ளே இறங்கி விளையாடினார்கள். வெளியே வரும்போது ஒரு விளக்கு குழிக்குள் விழுந்தது. எண்ணெய் ஆவியாகி வெடித்தது. சின்னவன் குழிக்குள் விழுந்து மோசமாக வெந்து போனான். விளக்கு இப்படி வெடிக்கும் என்று எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்று ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. 1963இல், அப்போது பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மாற்றியது: எரியும் விளக்கைப் பையன்கள் கையில் கிடைக்கும்படி விட்டால் தீப்புண் வரும் என்பது தெரிந்ததே, வந்ததும் தீப்புண்தான். தீ வெடித்து வந்ததா, சிந்தி வந்ததா என்பது விவரம் மட்டுமே.

சரி, அதன் பிறகு வந்த டௌட்டி வழக்கைப் பாருங்கள். 800 டிகிரி செல்சியஸில் உருகிய சயனைடு கொப்பரை. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் மூடி தவறி உள்ளே விழுந்தது. அப்போது யாருக்கும் தெறிக்கவில்லை. ஓரிரு நிமிடம் கழித்து, சூட்டில் மூடியிலிருந்த பொருள் வேதிமாற்றம் அடைந்து நீராவி கிளம்பிக் கொப்பரை பொங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற தொழிலாளி வெந்தார். அந்த மூடி அப்படி வேலை செய்யும் என்று அன்று யாருக்கும் தெரியாது. அவருக்கு நஷ்டஈடு மறுக்கப்பட்டது. திரவம் தெறிப்பதை ஊகிக்கலாம், உள்ளிருந்து பொங்குவது வேறு என்றார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நெருடும். இரண்டிலும் வந்தது வெப்பத்தால் ஏற்பட்ட புண். ‘வகை’யை ‘தீப்புண்’ என்று அகலமாக எழுதினால் இருவரும் ஜெயிப்பார்கள். ‘வெடிப்பால் வந்த புண்’, ‘பொங்கியதால் வந்த புண்’ என்று குறுக்கி எழுதினால் இருவரும் தோற்பார்கள். ஆகவே சேதத்துக்கு யார் எந்தப் பெயர் வைக்கிறார்கள் என்பதில் பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது. வாதியின் வக்கீல் அகலமாகப் பேசுவார், பிரதிவாதியின் வக்கீல் நூல் பிடித்த மாதிரி குறுகலாகப் பேசுவார். டௌட்டி தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. உடல் காயம் என்று வரும்போது பிற்கால நீதிமன்றங்களும் அகலமான பக்கமே சாய்ந்திருக்கின்றன.

அடிபட்டவருக்கு ஏற்கெனவே உடலில் ஒரு கோளாறு இருந்தால்? அது எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனாலும் பொறுப்பு உண்டு. மெல்லிய மண்டையோடு விதி என்பார்கள்: ஆளை அவர் இருக்கிறபடியே ஏற்க வேண்டும். வாகன் மவுண்ட் தீர்ப்பு இதையும் அடித்துவிட்டதோ என்று சிலர் நினைத்தார்கள். 1962இல் வந்த ஸ்மித் வழக்கு இல்லை என்றது. ஒரு தொழிலாளியின் உதட்டில் உருகிய உலோகத் துளி பட்டுச் சின்னத் தீப்புண். அவருக்கு ஏற்கெனவே புற்றுநோய்க்கு முந்திய நிலை இருந்தது. புண் புற்றுநோயாகி மூன்று ஆண்டில் இறந்துபோனார். தீப்புண் ஊகிக்கக்கூடியது, அது எவ்வளவு தூரம் போகும் என்பது அந்த உடலைப் பொறுத்தது என்று சாவுக்கும் முதலாளியைப் பொறுப்பாக்கினார்கள்.

ஆனால் தொகையில் நீதிபதி கை வைத்தார். தீப்புண் இல்லாவிட்டாலும் அவருக்குப் புற்றுநோய் வந்திருக்கலாம் என்பதால் குடும்பத்துக்குரிய நஷ்டஈட்டைக் குறைத்தார். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேண்டுமென்றே ஏமாற்றியவருக்கும் இந்தச் சலுகை உண்டா?

கிடையாது. ஊகிக்கக்கூடிய அளவு என்பது தவறிப் போனவருக்கான எல்லை. பொய் சொல்லி வியாபாரத்தை விற்றவர் மேல் வந்த டாய்ல் வழக்கில், 1969இல், இங்கிலாந்து நீதிமன்றம் ஏமாற்றிலிருந்து நேரடியாக விளைந்த நஷ்டம் முழுவதையும் கட்டச் சொன்னது. பொலெமிஸ் இந்த மூலையில் இன்னும் மூச்சு விடுகிறது என்று சொல்லலாம்.

இந்திய நீதிமன்றத்தில் வாகன் மவுண்டைக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் கட்டுப்படுத்தும் தீர்ப்பு என்று சொல்லக் கூடாது. இந்தியாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போவது 1949 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 1961 தீர்ப்பு அதற்குப் பிந்தியது, அதனால் வழிகாட்டும் மதிப்பு மட்டுமே. அபாயகரமான தொழிற்சாலையிலிருந்து வாயு கசிந்தால் இந்தக் கணக்கே வேறு. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட தொழில் நடத்துபவருக்கு விதிவிலக்கற்ற பொறுப்பை வைத்தது. கவனமாக இருந்தேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பக்கத்தில் பள்ளம் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. என் ஐஸ்கிரீம் கடையில் சரக்கெல்லாம் உருகிப் போனது, மூன்று நாள் வியாபாரமும் போனது. கரண்ட் போனால் இப்படி ஆகும் என்பது யாருக்கும் தெரியுமே, எல்லாவற்றையும் கேட்கலாமா?

இங்கிலாந்துச் சட்டப்படி பார்த்தால் பாதி கேட்கலாம். ஏறக்குறைய இதே விவரத்தில் ஸ்பார்ட்டன் ஸ்டீல் என்ற வழக்கு வந்தது. ஒப்பந்ததாரரின் இயந்திரம் கேபிளை அறுத்து, உருக்காலைக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. உலைக்குள் இருந்த உலோகம் கெட்டது: 368 பவுண்டு. அதை முடித்திருந்தால் வந்திருக்கும் லாபம்: 400 பவுண்டு. இவை இரண்டும் கிடைத்தன. மின்சாரம் இல்லாத நேரத்தில் உருக்கியிருக்கக்கூடிய அடுத்த நான்கு ஈடுகளின் லாபம் 1,767 பவுண்டு கிடைக்கவில்லை. அது ஊகிக்க முடியாதது என்பதால் அல்ல, நன்றாகவே ஊகிக்கலாம். பொருளுக்குச் சேதம் எதுவும் வராமல் வெறும் பண இழப்பாக வந்ததை அந்தச் சட்டம் பொதுவாக ஈடுகட்டுவதில்லை. ஒரு கேபிள் அறுந்தால் ஊரில் எத்தனை பேருக்கு வியாபாரம் போகும் என்று பார்த்து, டென்னிங் பிரபு அதைக் கொள்கை முடிவாகவே சொன்னார்.

உங்கள் உருகிய சரக்கின் விலையும் அந்தச் சரக்கில் வந்திருக்கும் லாபமும் முதல் வகை. மூன்று நாள் கடை சாத்தியிருந்தது இரண்டாவது வகை. மனுவில் இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டி எழுதிவிடாதீர்கள், எதிர்த் தரப்பு முழுத் தொகையையும் ஒரே மூச்சில் தள்ளக் கேட்கும். உருகிய சரக்குக்குக் கொள்முதல் பில், ஃப்ரீசரின் படம், மின்வாரியத்தில் புகார் கொடுத்த நேரம் ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள்.